வைரஸ் அதிகம் உள்ளவருக்கு மாத்திரை இல்லை

வளைகுடா வேலைக்கான மெடிக்கலுக்குப் போகும் பலருக்குத் தங்கள் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருப்பது அங்கேதான் முதன்முதலாகத் தெரிய வருகிறது. அதுவரை உடம்பில் ஒரு தொந்தரவும் இருந்திருக்காது. பசிக்கும், தூக்கம் வரும், மூட்டை தூக்க முடியும். ஆனால் ரிப்போர்ட்டில் 'அன்ஃபிட்' என்று வந்துவிடும். வேறு சிலருக்கு ரத்ததானம் செய்தபோதும், கர்ப்பகாலச் சோதனையிலும், குடலிறக்க ஆபரேஷனுக்கு முந்தைய நாளும் தெரிகிறது.

டாக்டரிடம் ஓடுகிறவர் முதலில் கேட்பது, "இதுக்கு மாத்திரை இருக்கா சார்?" என்பதுதான். இருக்கிறது; நல்ல மாத்திரைகளே இருக்கின்றன. ஆனால் கிருமி இருந்தும், அதற்கு மருந்து இருந்தும், பாதிப் பேரை "இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று டாக்டர் திருப்பி அனுப்புவார். பணம் கொடுத்துப் பார்த்த நோயாளிக்கு இது பெரிய ஏமாற்றம். அடுத்த வாரமே வேறொரு டாக்டரிடம் போவார்; அவர் மாத்திரை எழுதிவிட்டால் குழப்பம் இரட்டிப்பாகும்.

இந்தக் குழப்பத்தை அவிழ்க்க மூன்று உடன்பிறப்புகளின் ரிப்போர்ட்டுகளை வைத்துக்கொள்வோம். ஆட்கள் கற்பனை. எண்கள் கல்லீரல் மருத்துவர்களின் மேஜைக்கு அன்றாடம் வருபவை. தம்பிக்கு வயது 29. மெடிக்கலில் மாட்டியவர் அவர்தான். ஒருவருக்கு இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் பார்க்க வேண்டும் என்பதால் 41 வயது அண்ணனும் 24 வயது தங்கையும் சோதித்துக்கொண்டார்கள். மூவருக்குமே பாசிட்டிவ். அநேகமாக அம்மாவிடமிருந்து பிரசவத்தின்போது வந்திருக்கும். வளர்ந்த பிறகு இந்தக் கிருமி தொற்றுகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தாமாகவே அதை விரட்டிவிடுகிறார்கள். பிறக்கும்போது தொற்றினால் கணக்கு தலைகீழ்: பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது ஆயுளுக்கும் தங்கிவிடுகிறது.

அடுத்து வைரல் லோடு பார்த்தார்கள். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் தம்பிக்கு 420 அலகு. அண்ணனுக்கு 48,000. தங்கைக்குப் பதினெட்டுக் கோடி.

தங்கைக்குத்தான் அவசரமாக மாத்திரை வேண்டும் என்று வீடே முடிவு கட்டியிருக்கும். டாக்டர் மாத்திரை எழுதியது அண்ணனுக்கு.

காரணம் இந்தக் கிருமியின் சுபாவத்தில் இருக்கிறது. ஹெபடைடிஸ் பி வைரஸ் கல்லீரல் செல்லை நேரடியாக அழிப்பதில்லை. உள்ளே அமர்ந்து தன்னைப் பிரதியெடுத்துக்கொண்டே இருக்கும். செல்லை அழிப்பது நம் நோய் எதிர்ப்புச் சக்தி. கிருமி உள்ள செல்லை அது அடையாளம் கண்டு தாக்குகிறது, செல் சாகிறது, அந்த இடத்தில் தழும்பு விழுகிறது. இப்படிப் பல வருடம் நடந்தால் தழும்பே கல்லீரலாகி, சிரோசிஸ் வருகிறது. தங்கையின் எதிர்ப்புச் சக்தி இன்னும் கிருமியைச் சீண்டவில்லை. அதனால்தான் பதினெட்டுக் கோடி இருந்தும் அவருடைய எஸ்ஜிபிடி 16 என்று அமைதியாக இருக்கிறது. அண்ணனின் உடம்பில் சண்டை நடக்கிறது. கிருமி பாதி அடங்கியிருக்கிறது, ஆனால் கல்லீரல் அடி வாங்குகிறது. அவருடைய எஸ்ஜிபிடி 58.

ஆகவே வைரல் லோடை மட்டும் வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை. அதோடு எஸ்ஜிபிடி, தழும்பின் அளவு, வயது, குடும்ப வரலாறு, கூடவே இருக்கும் மற்ற நோய்கள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2024 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டி முன்பைவிடக் கதவை அகலத் திறந்திருக்கிறது. வைரல் லோடு 2,000 அலகுக்கு மேலே போய், எஸ்ஜிபிடியும் இயல்பைத் தாண்டியிருந்தால் சிகிச்சை உண்டு. இந்த 'இயல்பு' என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. லேப் ரிப்போர்ட்டில் 40 வரை நார்மல் என்றோ அதற்கு மேலோ அச்சடித்திருப்பார்கள். வழிகாட்டி சொல்லும் எல்லை ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19. ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வராத 34கூட ஒரு பெண்ணுக்கு அதிகம்தான்.

தழும்பு கணிசமாக விழுந்திருந்தால், எஸ்ஜிபிடி எவ்வளவு இருந்தாலும் சிகிச்சை உண்டு. சிரோசிஸ் வந்தவருக்கு வைரல் லோடு முந்நூறு என்றாலும் மாத்திரை கட்டாயம். தழும்பை அளக்க ஊசி குத்திச் சதை எடுத்த காலம் பெரும்பாலும் போய்விட்டது. ஃபைப்ரோஸ்கேன் இருக்கும் ஊரில், விலாவின் மேல் ஒரு கருவியை வைத்துக் கல்லீரலின் விறைப்பை அளக்கிறார்கள். 7 கிலோபாஸ்கலைத் தாண்டினால் கவனிக்க வேண்டும், 12.5ஐத் தாண்டினால் சிரோசிஸாக இருக்கலாம். அது இல்லாத ஊரில் ஒரு கணக்கு கைகொடுக்கிறது. அதன் பெயர் அப்ரி. சாதாரண ரத்தப் பரிசோதனையில் வரும் எஸ்ஜிஓடியும் பிளேட்லெட்டும் போதும்.

அண்ணனுக்கே போட்டுப் பார்க்கலாம். அவருடைய எஸ்ஜிஓடி 62, லேபின் மேல் எல்லை 40. வகுத்தால் 1.55. பிளேட்லெட் 1,90,000, ஆயிரக் கணக்கில் 190. 1.55ஐ 190ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 0.82 வருகிறது. 0.5ஐத் தாண்டினால் கணிசமான தழும்பு இருக்கலாம், 1ஐத் தாண்டினால் சிரோசிஸ் சந்தேகம் என்பது கணக்கு. ஃபைப்ரோஸ்கேனும் அவருக்கு 9.4 காட்டியது. போதாததற்குச் சர்க்கரை நோயும் இருக்கிறது. எந்த வழியில் பார்த்தாலும் அவர் சிகிச்சைக்கு உரியவர். தங்கைக்கு இதே கணக்கில் 0.16தான் வந்தது. தம்பிக்கு எல்லாமே அடக்கமாக இருந்தன. ஆனால் ஒரே ஒரு சோதனையை நம்பி அவரை விட்டுவிட முடியாது. இந்த நோயில் எண்கள் ஏறி இறங்கும். ஒரு வருடத்தில் மூன்று முறையாவது அடக்கமாக இருந்தால்தான் 'அடங்கிய தொற்று' என்று சொல்லலாம்.

நல்ல டாக்டர் இந்த மூவரிடமும் கேட்கும் கேள்வி இன்னொன்று உண்டு. "உங்க வீட்டுல யாராவது வயிறு வீங்கி, காமாலை வந்து இறந்தாங்களா?" இவர்கள் இல்லை என்றார்கள். ஆமாம் என்று சொல்லி, அது கல்லீரல் புற்றுநோயோ சிரோசிஸோதான் என்று தெரிந்திருந்தால், புதிய வழிகாட்டியின்படி வைரஸ் கண்டறியக்கூடிய அளவில் உள்ள எல்லோருக்குமே மாத்திரை தரலாம். எச்ஐவி, ஹெபடைடிஸ் சி போன்றவை கூட இருந்தாலும் அப்படித்தான். பல வீடுகளில் இந்தக் கேள்விக்குப் பதில் "அப்பா குடிச்சே செத்தார்" என்று வரும். குடியோடு வைரஸும் இருந்ததா என்று அந்தக் காலத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

தங்கையைப் போன்றவர்களைச் சும்மா விடுவது சரிதானா என்பதில் மருத்துவர்களிடையே வாதம் நடக்கிறது. தைவானில் 3,653 பேரைப் பல ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு, ரத்தத்தில் வைரஸ் ஏற ஏறக் கல்லீரல் புற்றுநோயும் கூடுகிறது என்று 2006இல் காட்டியது. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் நடுவயதைத் தொட்டவர்கள். முப்பது வயதைத் தாண்டியும் பதினெட்டுக் கோடியிலேயே நின்றால் மாத்திரை தொடங்கலாம் என்று ஐரோப்பியக் கல்லீரல் மருத்துவச் சங்கம் 2017இலேயே இடம் கொடுத்தது. இருபத்து நான்கு வயதில், விறைப்பு இல்லாத கல்லீரலோடு காத்திருக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்பதுதான் இதில் நிபந்தனை.

மாத்திரைக்கு வருவோம். 1998இல் லாமிவுடின் வந்தபோது பெரிய கொண்டாட்டம். தினம் ஒன்று, பக்கவிளைவு குறைவு, வைரஸ் மளமளவென்று இறங்கியது. முற்றிய தழும்புள்ள 651 பேரிடம் ஆசியாவில் நடந்த சோதனையில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நோய் முற்றியது 17.7 சதவீதம், லாமிவுடின் சாப்பிட்டவர்களில் 7.8 சதவீதம். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். வைரஸை அடக்கினால் கல்லீரல் பிழைக்கும் என்பதற்கு அது உறுதியான சாட்சி. ஆனால் வைரஸ் சும்மா இருக்கவில்லை. தன் நொதியில் ஓரிடத்தை மாற்றிக்கொண்டு மருந்திலிருந்து தப்பியது. ஐந்து வருடம் சாப்பிட்டவர்களில் பத்துக்கு ஏழு பேரிடம் மருந்து வேலை செய்யாமல் போனது.

இன்று முதல் வரிசையில் இருப்பவை இரண்டு மருந்துகள்தாம்: என்டெகாவிர், டெனோஃபோவிர். இரண்டும் வைரஸ் தன்னைப் பிரதியெடுக்கும் நொதியை முடக்குகின்றன. முன்பு மருந்தே சாப்பிடாதவரிடம் என்டெகாவிர் ஐந்து வருடத்தில் தோற்பது நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவரிடம்தான். ஆனால் முன்பு லாமிவுடின் சாப்பிட்டு எதிர்ப்பு உருவானவரிடம் அதே மருந்து பாதிக்குப் பாதி தோற்றுப்போகும். ஆகவே 'பத்து வருடத்துக்கு முன்னால் ஏதோ வெள்ளை மாத்திரை சாப்பிட்டேன்' என்கிற நினைவுகூட முக்கியம். பழைய சீட்டு இருந்தால் கொண்டுபோக வேண்டும். அப்படிப்பட்டவருக்கு டெனோஃபோவிர் தருவார்கள்.

டெனோஃபோவிரில் இரண்டு வகை. பழையது 300 மில்லிகிராம். விலை குறைவு, அனுபவம் அதிகம், ஆனால் நீண்ட நாளில் சிலருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் தொடும். புதியது வெறும் 25 மில்லிகிராம். கல்லீரலுக்குள் போய்த்தான் பெரும்பாலும் மருந்தாக மாறுகிறது, எனவே சிறுநீரகத்துக்கு அத்தனை சுமை இல்லை. அண்ணனுக்குச் சர்க்கரை நோயால் சிறுநீரில் கொஞ்சம் புரதம் போக ஆரம்பித்திருந்தது. அதனால் அவருக்கு என்டெகாவிர் 0.5 மில்லிகிராம். ஒரே ஒரு தொல்லை, அதை வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டும்: சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து, அடுத்து எதையும் சாப்பிட இரண்டு மணி நேரம் இருக்கும்போது. எட்டு மணிக்கு இரவுச் சாப்பாடு, பத்தரைக்கு மாத்திரை, பிறகு படுக்கை என்பது அவருக்கு ஒத்துவந்தது. சோற்றோடு போட்டால் மருந்து உடம்பில் சேர்வது குறைந்துவிடும். இதைச் சொல்லாமல் சீட்டு எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

முதல் மாத்திரைக்கு முன் அவருக்கு எச்ஐவி சோதனையும் செய்தார்கள். வீட்டில் கொஞ்சம் முகம் சுளித்தார்கள். ஆனால் இந்த இரண்டு மருந்துகளும் எச்ஐவியையும் ஓரளவு தொடுபவை. அது இருப்பது தெரியாமல் இதைத் தனியாகக் கொடுத்தால், எச்ஐவி மருந்துக்கு மசியாததாக மாறிவிடும்.

வாரம் ஒரு ஊசியாக ஓராண்டு போடும் இன்டர்ஃபெரானும் உண்டு. காய்ச்சல், சோர்வு, மனச்சோர்வு என்று அது படுத்தும் பாட்டாலும், சிலருக்கு மட்டுமே பலிப்பதாலும் இங்கே அதிகம் பயன்படுவதில்லை.

தம்பி கேட்டது வேறு. "எனக்கும் ஆறு மாசத்துக்கு மாத்திரை குடுங்க சார், நெகட்டிவ் ஆனதும் மெடிக்கல் எடுத்துக்கறேன்." நியாயமான ஆசைதான், ஆனால் நடக்காது. மெடிக்கலில் பார்ப்பது வைரஸின் மேலுறைப் புரதத்தை. மாத்திரை குறைப்பது வைரஸ் பிரதிகளை. வைரல் லோடு பூஜ்ஜியமானாலும் மேலுறைச் சோதனை பாசிட்டிவாகவே நிற்கும். அது தானாக மறைவது வருடத்துக்கு நூற்றில் ஒருவருக்கு என்கிற அளவில்தான். இதைச் சொல்லாமல் 'நெகட்டிவ் ஆக்கித் தருகிறேன்' என்று பணம் வாங்குகிறவர்களை நம்பி நிலத்தை அடமானம் வைத்தவர்கள் உண்டு.

மாத்திரை தொடங்கிய பிறகு வைரல் லோடை எப்படிப் படிப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அண்ணனுக்கு மூன்றாம் மாதம் 48,000 என்பது 310 ஆனது. ஆறாம் மாதம் '20க்குக் கீழே' என்று வந்தது. வருட முடிவில் 'கண்டறியப்படவில்லை'. இப்படி இறங்குவது நல்ல இறக்கம். மருத்துவர்கள் இதைக் கழித்துப் பார்ப்பதில்லை, எத்தனை மடங்கு குறைந்தது என்றே பார்க்கிறார்கள். 48,000 பத்து மடங்கு குறைந்தால் 4,800, இன்னும் பத்து மடங்கு குறைந்தால் 480. ஒவ்வொரு பத்து மடங்கும் ஒரு படி, ரிப்போர்ட்டில் அதன் பெயர் 'லாக்'. மூன்று மாதத்தில் ஒரு படிகூட இறங்காவிட்டால் ஏதோ சரியில்லை என்று பொருள். தங்கையைப் போலப் பதினெட்டுக் கோடியில் தொடங்குகிறவருக்கு இறங்க வேண்டிய படிகள் அதிகம். கண்டறிய முடியாத அளவை எட்ட இரண்டு மூன்று வருடம்கூட ஆகும். படிப்படியாக இறங்கிக்கொண்டிருக்கும் வரை மருந்தை மாற்றத் தேவையில்லை.

சிறு ஏற்றங்களைக் கண்டு பதறவும் வேண்டாம். அதே ரத்தத்தை இரண்டு முறை சோதித்தாலே 600 என்றும் 1,100 என்றும் வரலாம். பிசிஆர் கருவியின் இயல்பு அது. லேப் மாறினால் வித்தியாசம் இன்னும் கூடும். சில லேப்கள் அலகுக்குப் பதிலாகப் பிரதிகளின் எண்ணிக்கையை அச்சிடுகின்றன. ஓர் அலகு ஏறக்குறைய ஐந்து பிரதிகள். 48,000 அலகுள்ளவர் வேறு லேபில் போய் 2,40,000 பிரதிகள் என்று வாங்கினால், நோய் ஐந்து மடங்கு ஏறிவிட்டதாக நினைத்துத் தூக்கத்தை இழப்பார். ஒரே லேபில், ஒரே அலகில் பார்ப்பது நல்லது.

உண்மையான எச்சரிக்கை எப்படி இருக்கும்? இரண்டாம் வருட முடிவில் அண்ணனுக்கு 2,600 வந்தது. முன்பு கண்டறிய முடியாமல் இருந்தது நூறு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. மருந்து தோற்றுவிட்டதோ என்று மாற்றி எழுதுவதற்கு முன் டாக்டர் கேட்டார், "மாத்திரை விட்டீங்களா?" முதலில் இல்லை என்றவர், அப்புறம் ஒப்புக்கொண்டார். ஊர்த் திருவிழாவுக்குப் போனபோது மறந்து, 'எப்படியும் பூஜ்ஜியம்தானே' என்று ஒரு மாதம் போல விட்டுவிட்டார். இன்றைய மருந்துகளில் வைரஸ் மறுபடி ஏறினால் பெரும்பாலும் காரணம் இதுதான். மருந்தை ஒழுங்காகத் தொடங்கியதும் மூன்று மாதத்தில் எண் பழையபடி இறங்கியது. இறங்கியிருக்காவிட்டால்தான் எதிர்ப்பைச் சந்தேகித்து டெனோஃபோவிருக்கு மாற்றியிருப்பார்கள்.

அவருக்கு அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். திடீரென நிறுத்துகிறவர்களில் சிலருக்கு வைரஸ் பாய்ந்து ஏறி, அதைக் கண்ட எதிர்ப்புச் சக்தி கல்லீரலை மொத்தமாகத் தாக்கி, சில வாரங்களில் கல்லீரல் செயலிழந்து போயிருக்கிறது. சிரோசிஸ் உள்ளவர் நிறுத்துவது உயிரோடு விளையாடுவது. வைரஸின் மூலப்பிரதி கல்லீரல் செல்லின் கருவுக்குள் ஒரு வளையமாகச் சுருண்டு கிடக்கிறது. எந்த மாத்திரையும் அதைத் தொடுவதில்லை. வயலில் கோரையை மேலே மேலே அறுத்தாலும் மண்ணுக்குள் கிழங்கு கிடப்பதுபோல. அறுப்பதை நிறுத்தினால் முளைக்கும்.

இங்கே கீழாநெல்லியைப் பற்றிச் சொல்லாமல் போனால் தமிழ் வாசகர் மன்னிக்க மாட்டார். 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, இந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கையும் சேர்த்துக்கொண்டு, லான்செட் இதழில் ஒரு முடிவை வெளியிட்டது. முப்பது நாள் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு மேலுறைச் சோதனை நெகட்டிவ் ஆனது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அதன்பின் பிற நாடுகளில் செய்தவர்களுக்கு அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. கேலி செய்ய வேண்டிய முயற்சி அல்ல அது; ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தார்கள், மற்றவர்களும் சோதித்தார்கள், பலிக்கவில்லை. காமாலைக்குக் கொடுத்துக் குணமானதாகச் சொல்லப்படும் கதைகளில் பெரும்பாலானவை, தாமாகவே தேறும் வளர்ந்தவர்களின் புதுத் தொற்று. பழைய தொற்றுக்கு மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லிக்குப் போகிறவர்தான் ஆபத்தில் இருக்கிறார்.

தொடர்ந்து சாப்பிடுவதற்குப் பலன் இருக்கிறதா? டெனோஃபோவிர் ஐந்து வருடம் சாப்பிட்ட 348 பேரிடம் தொடக்கத்திலும் முடிவிலும் சதை எடுத்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் 96 பேருக்குச் சிரோசிஸ். ஐந்து வருடம் கழித்து அவர்களில் 71 பேருக்கு அது இல்லை. ஒருமுறை வந்தால் திரும்பாது என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்த தழும்பு கரைந்திருந்தது. புற்றுநோய் ஆபத்து குறையுமே தவிரப் போகாது. அதனால் சிரோசிஸ் உள்ளவர்களும் ஆபத்து அதிகமுள்ள மற்றவர்களும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொள்வதை, வைரஸ் பூஜ்ஜியமான பிறகும் விடக்கூடாது.

செலவு என்று பார்த்தால், 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளின் சிகிச்சை மையங்களில் சோதனையும் மாத்திரையும் இலவசம். ஆனாலும் உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில், உலகில் இந்தத் தொற்றோடு வாழும் 25 கோடிப் பேரில் தனக்கு இருப்பதை அறிந்தவர்கள் 13 சதவீதம், சிகிச்சையில் இருந்தவர்கள் 3 சதவீதம். இந்தியாவில் மட்டும் ஏறக்குறைய மூன்று கோடிப் பேர் இருக்கிறார்கள்.

தம்பிக்கு மாத்திரை வேண்டாம் என்றாலும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். புற்றுநோய்க்குக் கீமோவோ, மூட்டுவாதத்துக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஊசியோ, நீண்ட நாள் ஸ்டீராய்டோ எப்போது தேவைப்பட்டாலும், அதற்கு முன் இந்தச் சீட்டைக் காட்ட வேண்டும். காவல் இறங்கினால் அடங்கிக் கிடக்கும் வைரஸ் எழுந்துவிடும். அந்தச் சிகிச்சை நடக்கும் காலமெல்லாம் என்டெகாவிரோ டெனோஃபோவிரோ காப்பாகக் கொடுப்பார்கள்.

தங்கைக்கு அடுத்த வருடம் கல்யாணமாகிக் கர்ப்பமானார். தன் கல்லீரலுக்காக மாத்திரை வேண்டாதவர், குழந்தைக்காகச் சாப்பிட வேண்டியிருந்தது. தாய்க்கு இரண்டு லட்சம் அலகுக்கு மேல் இருந்தால், பிறந்தவுடன் தடுப்பூசி போட்டாலும் சில குழந்தைகளுக்குத் தொற்றிவிடுகிறது. இவருக்கோ பதினெட்டுக் கோடி. நான்காம் மாதம் முதல் டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், தினம் ஒன்று. கணவருக்குச் சோதித்து நெகட்டிவ் என்று தெரிந்ததும் மூன்று தவணைத் தடுப்பூசி. பிரசவத்தின்போது வைரல் லோடு சில ஆயிரங்களுக்கு வந்திருந்தது. குழந்தைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் ஒரு தொடையில் தடுப்பூசியும் மறு தொடையில் இம்யூனோகுளோபுலினும் போட்டார்கள். தாய்ப்பாலுக்குத் தடையில்லை. குழந்தையின் தடுப்பூசித் தவணைகள் முடிந்ததும் மாத்திரையை டாக்டர் நிறுத்தினார். பிரசவத்துக்குப் பின் எதிர்ப்புச் சக்தி மறுபடி விழித்துக்கொள்ளும் என்பதால், அடுத்த ஆறு மாதம் அவருடைய எஸ்ஜிபிடியை அடிக்கடி பார்த்தார்கள். குழந்தையின் ரத்தத்தை உடனே சோதிக்கவில்லை. தாயிடமிருந்து வந்ததும் ஊசியில் போட்டதும் கலந்து குழப்பும். ஒன்பது மாதம் முடிந்த பிறகு இரண்டு சோதனைகள்: கிருமியின் மேலுறைப் புரதம் இருக்கிறதா, தடுப்பூசியால் உருவான எதிர்ப்பொருள் 10 அலகைத் தாண்டியிருக்கிறதா. முதலாவது இல்லை, இரண்டாவது 340 என்று வந்தது.